பர்சனாலிட்டி டெஸ்ட் ரிசல்ட்டை எச்.ஆரிடம் கேட்கலாமா?

கேள்வி: ஒரு கம்பெனியில் சேல்ஸ் வேலைக்கு கன்சல்டன்சி மூலமாக விண்ணப்பித்திருக்கிறேன். பர்சனாலிட்டி டெஸ்ட் லிங்க் வந்திருக்கிறது. ரிசல்ட்டை எனக்குத் தருவார்களா, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: நினைக்க மாட்டார்கள். ஆனால் டெஸ்ட் எழுதுவதற்கு முன்பே கேளுங்கள். நிராகரித்த பிறகு கேட்டால் முடிவை எதிர்த்துக் கேட்பதுபோல் தோன்றும், பதிலும் மழுப்பலாகவே வரும். லிங்க் வந்த மெயிலுக்கே இப்படிப் பதில் போடலாம்:

“வணக்கம் மேடம். லிங்க் கிடைத்தது, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன். விண்ணப்பதாரருக்கென்று தனி ரிப்போர்ட் உண்டா? மதிப்பெண் கட் ஆஃப் இருக்கிறதா, அல்லது இன்டர்வியூவில் கேள்வி கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துவீர்களா? ரிசல்ட்டை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்?”

“ரிசல்ட் கிடைக்குமா” என்று மட்டும் கேட்டால் “செலக்ட் ஆனால் சொல்கிறோம்” என்பதோடு முடிந்துவிடும். பல டெஸ்ட்களில் விண்ணப்பதாரருக்கு ஒரு சுருக்கமான ரிப்போர்ட்டும், மேலாளருக்கு விரிவான ரிப்போர்ட்டும் தனித்தனியாக வரும். முதலாவதைக் கேட்டால் தருவதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. கன்சல்டன்சிக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்தே இருக்க மாட்டார் என்பதும் சகஜம். அதனால் கேள்வியைக் கம்பெனி எச்.ஆருக்கு அனுப்பச் சொல்லுங்கள். டெஸ்ட் நடத்தும் நிறுவனத்தைக் கேட்டால் அவர்களும் கம்பெனியைத்தான் கைகாட்டுவார்கள்.

மெயிலில் உள்ள இரண்டாவது கேள்விக்கான, அதாவது கட் ஆஃப் பற்றிய பதில்தான் உங்களுக்கு அதிகம் உதவும். உதாரணத்துக்கு, ஓ.பி.க்யூ. என்ற டெஸ்டில் 32 குணங்களுக்கு 1 முதல் 10 வரை ‘ஸ்டென்’ மதிப்பெண் வரும். 5, 6 என்றால் சராசரி. இது பாஸ், ஃபெயில் மதிப்பெண் அல்ல. ஒப்பிடும் குழுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். அதே விடைகளைப் புதிய பட்டதாரிகளோடு ஒப்பிட்டால் 5 வரலாம், அனுபவமுள்ள விற்பனை மேலாளர்களோடு ஒப்பிட்டால் 3 வரலாம். அதனால் ரிப்போர்ட் கைக்கு வந்தால் எந்தக் குழுவோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

‘பிறரை இணங்க வைத்தல்’ என்பதில் உங்களுக்கு 3 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிந்த மேலாளர் அதை வைத்தே நிராகரிக்க மாட்டார். “வேண்டாம் என்ற வாடிக்கையாளரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?” என்று இன்டர்வியூவில் கேட்பார். ‘இன்டர்வியூவுக்கு மட்டும்’ என்று பதில் வந்தால் அப்படி ஒரு சம்பவத்தைத் தேதி, தொகையோடு தயார் செய்துகொள்ளுங்கள். பர்சனாலிட்டி டெஸ்டுக்கே கட் ஆஃப் உண்டு என்றால், எந்தக் குணத்தில், வேலையின் எந்தப் பகுதிக்காக என்று ஒரு முறை கேட்கலாம்.

“ரிப்போர்ட் வெளியே தருவதில்லை” என்றால், முடிவு தெரிந்தபின் போனில் பத்து நிமிடம் விளக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்குப் பலர் சம்மதிப்பார்கள். இந்தியாவில் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி இப்போதே வற்புறுத்த முடியாது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. தரவைக் கேட்டுப் பெறும் உரிமை அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகிறது.