"கம்யூனிகேஷன் சரியில்லை" என்று எழுதினால் மேனேஜர் என்ன செய்வார்?

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் வருடா வருடம் மேனேஜரைப் பற்றி சர்வே வரும். பெயர் தெரியாது என்கிறார்கள். போன வருடம் கமென்ட் பெட்டியில் "கம்யூனிகேஷன் இன்னும் நன்றாக இருக்கலாம்" என்று எழுதினேன். ஒன்றும் மாறவில்லை. ஸ்பிரிண்ட் பாதியில் இருக்கும்போது ராத்திரி வாட்ஸ்அப்பில் புது வேலை அனுப்புகிறார். அதனால் இந்த முறை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "மேனேஜருக்குத் திட்டமிடத் தெரியவில்லை. எப்போதும் கடைசி நேரத்தில் மாற்றுகிறார். டீமை மதிப்பதே இல்லை." அனுப்பலாமா? ஒன்பது பேர் டீம்தான். நான் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவாரா?
– பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: அனுப்பாதீர்கள். பயத்தினால் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அவர் செய்வதற்கு எதுவுமே இல்லை என்பதால் சொல்கிறேன். போன வருடத்து வரியும் அப்படித்தான். "கம்யூனிகேஷன்" என்பதை ஒருவர் மீட்டிங் அதிகம் வேண்டும் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் குறைவாக வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். ஒன்றும் மாறாததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

சர்வே கமென்ட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. நேரில் சொன்னால் "எப்போது? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார், நீங்கள் விளக்கலாம். சர்வே முடிந்து பல வாரம் கழித்து அறிக்கை அவர் கைக்கு வரும்போது, திருப்பிக் கேட்க ஆள் கிடையாது. எனவே அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த நான்கைந்து வரிக்குள்ளேயே இருக்க வேண்டும். அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் பயிற்சி அளிக்கும் முறை ஒன்று இருக்கிறது: எந்தச் சூழலில், என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று. சர்வேக்கு இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றும் சேர வேண்டும்: அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்.

இப்போது உங்கள் மூன்று வரிகளைப் பிரித்துப் பார்ப்போம். "திட்டமிடத் தெரியவில்லை" என்பது அவர் திறமை மீதான தீர்ப்பு. தீர்ப்பைப் படிப்பவர் தன் பக்கத்து நியாயத்தைத்தான் தேடுவார். "எப்போதும்" இன்னும் மோசம். ஒழுங்காக நடந்த ஒரே ஒரு ஸ்பிரிண்ட் நினைவுக்கு வந்தால் போதும், மொத்தக் கமென்ட்டையும் பொய் என்று ஒதுக்கிவிடுவார். "கடைசி நேரம்" என்றால் எந்த நேரம்? க்ளையன்ட்டோடு இரவு ஒன்பது மணிக்கு உட்காருகிறவருக்கு ஏழு மணி சாயங்காலம்தான். "மதிப்பதே இல்லை" என்பது அவர் மனதுக்குள் இருப்பதைப் பற்றிய ஊகம். உள்ளுக்குள் மதிக்கிறாரா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஊகத்தை எடுத்துவிட்டால் மரியாதை பாதி வந்துவிடும். நம் ஊரில் மரியாதை என்றால் "ரெஸ்பெக்டட் சார்", "கைண்ட்லி கன்சிடர்" என்று தொடங்குவது என்று நினைக்கிறோம். அந்த வார்த்தைகளைப் போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே "உங்களுக்கு அக்கறை இல்லை" என்று எழுதினால் அது மரியாதை ஆகாது. அவர் செய்ததைச் சொல்லுங்கள், ஏன் செய்தார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே விதிதான்.

நீங்கள் சொன்ன அந்த ராத்திரி வாட்ஸ்அப்பை வைத்து ஒன்று எழுதிக் காட்டுகிறேன். எண்ணிக்கைகளை உங்கள் டீமில் நடந்ததற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"கடந்த மூன்று மாதங்களில் பெரும்பாலான ஸ்பிரிண்டுகளில், ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு, க்ளையன்ட் கால் முடிந்து இரவில் வாட்ஸ்அப் குரூப்பில் புதிய வேலைகள் வந்தன. ஏற்கெனவே எடுத்த வேலையில் எதைத் தள்ளி வைக்கலாம் என்பது அந்தச் செய்தியில் இல்லாததால், எல்லாவற்றையும் செய்யப் பார்த்து, சில வேலைகள் டெஸ்டிங் முடியாமல் அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போயின. புதிய வேலை வரும்போது, அதற்குப் பதில் எது தள்ளிப் போகலாம் என்பதையும் அதே செய்தியில் சொன்னால், மறுநாள் காலை ஸ்டாண்டப்பிலேயே வேலையைப் பிரித்துக்கொள்ள முடியும். யூசர் ஸ்டோரிகளை ஜிராவில் தெளிவாக எழுதித் தருவது எங்களுக்கு நிறைய நேரம் மிச்சப்படுத்துகிறது. அது தொடர வேண்டும்."

இதில் கோரிக்கையைக் கவனியுங்கள். "ஸ்பிரிண்ட் நடுவில் மாற்றாதீர்கள்" என்று கேட்கவில்லை. க்ளையன்ட் மனம் மாறினால் அவரால் தடுக்க முடியாது. தன்னால் முடியாததைக் கேட்கும் கமென்ட்டைப் படித்ததும் "இவர்களுக்கு என் நிலைமை புரியவில்லை" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். எது தள்ளிப் போகலாம் என்று ஒரு வரி சேர்ப்பது முழுக்க அவர் கையில் இருக்கிறது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், அடுத்த செய்தியிலேயே தொடங்கலாம். கோரிக்கையை எழுதியதும் கேட்டுப் பாருங்கள்: தன் மேலதிகாரியைக் கேட்காமல் இதை அவரால் செய்ய முடியுமா? முடியாது என்றால் கோரிக்கையைச் சுருக்குங்கள்.

விளைவைப் பற்றிய வரியும் அப்படியே. "ரொம்ப ஸ்ட்ரெஸ் ஆகிறது" என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் டெஸ்டிங் முடியாமல் தள்ளிப்போன வேலையை ஜிராவைத் திறந்து அவரே சரிபார்த்துக்கொள்ள முடியும். களைப்பையும் சொல்ல வேண்டும் என்றால், அதை இரண்டாவதாகச் சொல்லுங்கள்.

கடைசியில் இருக்கும் பாராட்டு, கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவதற்காக வைத்தது இல்லை. குறையை மட்டும் படித்து வேலை முறையை மாற்றுகிறவர், நன்றாக நடந்துகொண்டிருப்பதையும் சேர்த்து மாற்றிவிடுவது உண்டு. அதனால் எதைத் தொடர வேண்டும் என்பதும் ஒரு தகவல்தான். ஆனால் "நல்ல மனிதர், சப்போர்ட்டிவ்" என்பது பாராட்டிலும் பயனில்லாத வரி. ஜிரா என்று குறிப்பிட்டது போல, எது என்று சொல்லுங்கள். அப்படி எதுவும் தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பொய்யாகப் பாராட்ட வேண்டாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலான சர்வே முறைகளில் குறைந்தபட்சம் இத்தனை பேர் பதில் சொன்னால்தான் மேனேஜருக்கு அறிக்கை திறக்கும் என்று ஓர் எல்லை வைத்திருப்பார்கள். மூன்று, ஐந்து என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த எல்லையைத் தாண்டி அறிக்கை திறந்துவிட்டால் போதும். கமென்ட்டுகள் பல இடங்களில் நீங்கள் அடித்தபடியே, எழுத்துப் பிழையோடு போய்ச் சேரும். சர்வேயின் முதல் பக்கத்தைப் படியுங்கள். யார் எழுதியது என்ற பதிவே இருக்காது என்கிறதா, அல்லது பதிவு இருக்கும், ஹெச்ஆருக்கு மட்டும் தெரியும் என்கிறதா? லிங்க் உங்கள் பெயருக்கே தனியாக வந்திருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான். கமென்ட் அப்படியே காட்டப்படுமா என்பதும் அதில் இல்லாவிட்டால், ஹெச்ஆரிடம் பொதுவாகக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

பொதுவாக ஆளைக் காட்டிக்கொடுப்பது கமென்ட்டின் உள்ளடக்கம்தான். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதை எங்கள் டீமில் எத்தனை பேர் எழுதியிருக்க முடியும் என்று எண்ணுங்கள். மூன்று பேருக்குக் குறைந்தால் அந்த வரியை மாற்ற வேண்டும். "அக்காவின் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது" என்றால் ஒரே ஆள்தான். "பேமென்ட் மாட்யூல் டிக்கெட்டில்" என்றால் ஒருவரோ இருவரோ. தேதியும் டிக்கெட் எண்ணும் வேண்டாம். "கடந்த மூன்று மாதங்களில்", "ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு" என்ற அளவு போதும். இங்கேதான் பலர் பயந்து மறுபடி "கம்யூனிகேஷன்" வரைக்கும் போய்விடுகிறார்கள். ஆளைக் காட்டும் விவரத்தை எடுங்கள், செயலைக் காட்டும் விவரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி, குரூப்பில், எதைத் தள்ளுவது என்று சொல்லாமல் என்பவை செயலின் விவரங்கள். அந்தக் குரூப்பில் இருக்கும் ஒன்பது பேரும் எழுதக்கூடியவை. உங்கள் எழுத்து வழக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். வரிக்கு வரி மூன்று புள்ளி வைப்பவர், "பேசிக்கலி" இல்லாமல் தொடங்காதவர் யார் என்பது டீமுக்கே தெரியும். இதே விஷயத்தை நீங்கள் அவரிடம் நேரில் சொல்லியிருந்தால், எப்படி எழுதினாலும் அவருக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வரும். அது தெரிந்தே எழுதுங்கள்.

டீமில் பேசிவைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே வாசகத்தை ஒட்டுவது வேறு ஒரு தவறு. ஒன்பது பேர் சொன்னார்கள் என்ற எடை அதனால் வராது, கூடிப் பேசித் திட்டமிட்டார்கள் என்ற எண்ணம்தான் வரும். விஷயம் ஒன்றாக இருக்கலாம், ஆளுக்கு ஆள் பார்த்ததைத் தன் வாக்கியத்தில் எழுதட்டும்.

மதிப்பெண்ணும் கமென்ட்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். "என் மேனேஜர் முன்னுரிமைகளைத் தெளிவாகச் சொல்கிறார்" என்பதற்கு ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, கீழே இந்தக் கமென்ட்டை எழுதினால் அதற்கு மதிப்பிருக்காது. அவருக்கு மேலே இருப்பவர் பெரும்பாலும் பார்ப்பது சராசரி மதிப்பெண்ணை மட்டும்தான். கோபத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்று போடுவதும் அதே போல வீண். மற்ற கேள்விகளுக்கு நியாயமான மதிப்பெண், இந்தக் கேள்விக்கு மட்டும் இரண்டு என்றால் எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

கமென்ட்டில் ஒரு விஷயம் போதும். ஐந்து குறையை அடுக்கினால் அவற்றில் எளிதானதைச் சரிசெய்துவிட்டு "நடவடிக்கை எடுத்தாயிற்று" என்று எழுதிவிடலாம். முதலில் நோட்பேடில் எழுதி, ஓர் இரவு விட்டு, காலையில் படித்துவிட்டு ஒட்டுங்கள். அனுப்பிய பிறகு திருத்த விடாத சர்வேக்கள் உண்டு.

ஒன்றை மட்டும் இந்தப் பெட்டியில் எழுதவே கூடாது: பாலியல் தொல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். பெயரில்லாத சர்வே கமென்ட் அந்தப் புகார் ஆகாது. அறிக்கைக்குக் காத்திருக்கும் வாரங்களில் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவுகள் வந்ததும் சில மேனேஜர்கள் டீமைக் கூட்டி, திரையில் கமென்ட்டைப் போட்டு, "இது யார் எழுதியது, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்பார்கள். நீங்களும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருப்பவரையும் பார்க்க வேண்டாம். "எழுதினது யாரா இருந்தாலும், புது வேலை வரும்போது எதைத் தள்ளலாம்னு சேர்த்துச் சொன்னா எங்க எல்லாருக்கும் வசதி சார். அடுத்த ஸ்பிரிண்ட்ல ட்ரை பண்ணலாமா?" என்று பேச்சைக் கோரிக்கைக்குக் கொண்டுபோங்கள்.