டயாலிசிஸ் போதுமான அளவு நடந்ததா: யூரியா காட்டும் கணக்கு

"அப்பாவின் டயாலிசிஸ் அறிக்கையில் யூஆர்ஆர் 55 என்று இருக்கிறது. அப்படியென்றால் என்ன?"

ஒரு முறை டயாலிசிஸ் செய்யும்போது இரத்தத்திலுள்ள யூரியா எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதே இந்த எண். தொடங்கும் முன் 120 ஆக இருந்த யூரியா முடிவில் 54 ஆனால், குறைந்தது 66. அதாவது 55 விழுக்காடு. வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கு இது 65-க்குக் குறையக் கூடாது. யூரியா எளிதில் அளக்கக்கூடியது, மற்ற சிறு கழிவுகள் வெளியேறுவதற்கும் ஓர் அடையாளம் என்பதால்தான் அதை அளக்கிறார்கள்.

மதிப்பு குறைந்தால், நான்கு மணி நேரமும் முழுமையாக ஓடியதா, இரத்த பம்பின் வேகம் குறைக்கப்பட்டதா என்று மருத்துவக் குழு முதலில் பார்க்கும். இரண்டும் சரியாக இருந்து, மறுபடி அளந்தும் எண் உயரவில்லை என்றால், சந்தேகம் டயாலிசிஸுக்காகக் கையில் அறுவை சிகிச்சையால் இணைத்து உருவாக்கிய இரத்தக்குழாயான ஃபிஸ்டுலாவின் மீது திரும்பும். அந்த இரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், சுத்தமாகித் திரும்பிய இரத்தமே மீண்டும் இயந்திரத்துக்குள் போகும். அழுக்குத் துணி வாளியில் கிடக்க, துவைத்த துணியையே திரும்பத் திரும்பத் துவைப்பதைப் போன்றது அது. இதை ஸ்கேனில் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும் என்பதால், குறைந்த எண்ணை அலட்சியப்படுத்தவே கூடாது.

எடை நன்றாக இறங்கியதால் டயாலிசிஸும் நன்றாக நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எடை காட்டுவது வெளியேறிய நீரை மட்டுமே, கழிவை அன்று.