தடிமனோடும் ஆறாத புண்ணோடும் விமானம் ஏறலாமா?

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காகத் துளைவழிச் சத்திரசிகிச்சை செய்து இன்றுடன் 8 நாட்கள். இன்னும் 4 நாட்களில் லண்டன் பயணம். நேற்று முதல் கடும் தடிமன். இடது கண்ணுக்கு மேலே குத்துகிறது. கூட்டிக்கொண்டு போகலாமா?
– ஒரு மகள், உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

சத்திரசிகிச்சையை விடத் தடிமனே எனக்கு இப்போது கவலை தருகிறது. சிக்கலில்லாத துளைவழிச் சத்திரசிகிச்சைக்குப் பின் பொதுவாக 4, 5 நாட்களில் பறக்க அனுமதிக்கிறார்கள். சத்திரசிகிச்சையின்போது வயிற்றில் நிரப்பிய வாயுவை உடல் விரைவில் உறிஞ்சிவிடும். ஆயினும் காய்ச்சல், வயிறு உப்புதல், காயத்தில் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கட்டுநாயக்காவுக்குச் செல்லும் ஐந்தாறு மணி நேரமும் உட்கார்ந்திருக்கும் நேரமே என்பதால், இரத்தக்கட்டி அபாயத்தைப் பற்றிச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். பறக்கத் தகுதியானவர் என்ற கடிதத்தையும் அவரிடமே பெறுங்கள், ஏனெனில் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் விமான நிறுவனங்கள் அதைக் கேட்பதுண்டு.

இனித் தடிமன். பறக்கும்போது விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதைப் போன்றது, அதாவது நுவரெலியாவிலோ அதற்குச் சற்று மேலேயோ இருப்பதற்குச் சமம். மேலே ஏறும்போது விரியும் காற்று காதிலிருந்தும் நெற்றிக் குழிகளிலிருந்தும் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். தொல்லை இறங்கும்போதுதான்: வீங்கி அடைபட்ட வழியால் காற்று திரும்ப உள்ளே போக முடியாமல், செவிப்பறை உள்நோக்கி இழுபடும், கண்ணுக்கு மேலே கத்தியால் குத்துவதுபோல் வலிக்கும். சிலருக்குச் செவிப்பறையின் பின்னே நீரோ இரத்தமோ தேங்கும், அரிதாக அது கிழியவும் கூடும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், அம்மா மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மிக மெதுவாக மூச்சை ஊதிப் பார்க்கட்டும். வயிற்றுக் காயம் இருப்பதால் முக்கக் கூடாது. மூக்கைப் பொத்தியபடி எச்சில் விழுங்கிப் பார்த்தாலும் போதும். இரு காதுகளும் ‘டப்’ என்று திறந்து, முகவலியும் தணிந்திருந்தால் போகலாம். ஒரு காதேனும் திறக்காவிட்டால், அல்லது குனியும்போது கண்ணுக்கு மேலே வலி கூடினால், காது, மூக்கு, தொண்டை வைத்தியர் பார்க்கும் வரை பயணத்தைத் தள்ளிவையுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்தாலோ விமானத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம், நேரே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அடைப்பைக் குறைக்கும் மூக்கு ஸ்பிரேயை, விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே அடிக்க வேண்டும். இறங்கத் தொடங்கிய பின் அடித்தால் பயன் குறைவு. அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து அடித்தால் அடைப்பு முன்னிலும் மோசமாகும். உறங்குபவர் அடிக்கடி விழுங்குவதில்லை, ஆகவே இறங்கும் அறிவிப்பு வருமுன்னரே அம்மாவை எழுப்பி, சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்.

தேதியை மாற்ற வேண்டி வந்தால், முதலில் வைத்தியரின் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு பிறகு விமான நிறுவனத்துடன் பேசுங்கள். மாற்றுக் கட்டணத்தைக் குறைக்கும்படி கேட்க அது உதவும்.