வஞ்சிக் காண்டம் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிலப்பதிகாரத்தை இப்போதுதான் முழுதாக வாசித்து முடித்தேன். மதுரை எரிந்ததோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. வஞ்சிக் காண்டம் முழுக்கக் கல் எடுப்பதும் நீராட்டுவதும் நடுவதுமாகப் போகிறது. அதை எதற்காக எழுதினார்? வணிகர் வீட்டு மனைவி ஒருத்தி ஊர்க் கோயிலில் அம்மனாக ஆனது புலவர் செய்த வேலையா, மக்கள் செய்த வேலையா?

ம., கரூர்

அன்புள்ள ம.,

வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குன்றக் குரவை, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தரு காதை. இப்போது தொல்காப்பியத்தின் புறத்திணையியலை எடுங்கள். போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடும் முறை அங்கே ஆறு படிகளாக வருகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. இளங்கோ தன் காதைகளுக்கு வைத்த பெயர்கள் பெரும்பாலும் ஒரு சடங்கின் படிகள்தான். ஆநிரை மீட்கப் போய் அம்பு பட்டு விழுந்த மறவனுக்கு இருந்த மரியாதையை, கணவனைப் பறிகொடுத்துப் பாண்டியன் அவையில் தனியே நின்று வழக்குரைத்த பெண்ணுக்குக் கொடுக்கிறார். கல்லும் பக்கத்து மலைக் கல் அல்ல. இமயத்தில் எடுத்து, வடநாட்டு அரசரான கனகவிசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீர்ப்படை செய்த கல்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் குன்றக் குரவையிலேயே பதில் இருக்கிறது. மதுரையை விட்டுப் பதினான்கு நாள் நடந்து வந்தவள் மலைமேல் வேங்கை மர நிழலில் நிற்கிறாள். ஒரு முலை இல்லை. குறவர்கள் யாரென்று கேட்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் அவள் விண்ணேறுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். உடனே, 'தெய்வம் கொள்ளுமின் சிறுகுடியீரே' என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பறை கொட்டத் தொடங்கிவிடுகிறார்கள். சேரனுக்குச் செய்தி போவது அதற்கு அப்புறம். அரசி கேட்டுக்கொள்ள, அரசன் வடக்கே படை எடுத்துப் போவது அதற்கும் அப்புறம். தினைப்புனம் காக்கும் மலைக்குடிகள்தான் முதலில் அவளைக் கும்பிட்டார்கள் என்று எழுதியவர் இளங்கோவே. அரசன் அதற்குக் கோயில் கட்டினான், புலவர் அதற்குக் காப்பியம் கட்டினார்.

ஆனால் ஒரு கதை சடங்காக மாற அழுகையும் வியப்பும் மட்டும் போதாது. கதைக்குள் முடியாமல் கிடக்கும் ஏதோ ஒன்று வேண்டும். கண்ணகி கதையில் அது வெப்பம். பதிகத்தை அடுத்து 'உரைபெறு கட்டுரை' என்று ஒரு சிறிய உரைநடைப் பகுதி இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மதுரை எரிந்த அன்று முதல் பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்தன என்கிறது அது. குரு என்றால் கொப்புளம். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று சாந்தி செய்தபின் மழை பெய்து நோய் நீங்கியதாம். ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சனைக்கு ஆயிரம் பேர் உயிரா என்று இந்த வரியில் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நின்றுவிடுகிறது. அநியாயத்தைக் கேட்டு எழுந்தவள் பெயரில் இன்னொரு அநியாயம். அதைத் தொடர்ந்துதான் கொங்கிளங்கோசரும் இலங்கைக் கயவாகுவும் சோழன் பெருநற்கிள்ளியும் விழா எடுத்த செய்தி வருகிறது. கோபம், வெப்பம், வறட்சி, கொப்புளம், அப்புறம் சாந்தி, மழை. கொலையை எடுத்துவிட்டால் இன்றும் நடக்கும் சடங்கின் எலும்புக்கூடு இதுதான்.

அதை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று ஊர் ஊராகக் கண்ணகி அம்மன் கோயில்கள். வைகாசியில் கதவு திறந்து சடங்கு தொடங்குவார்கள். இரவுகளில் 'கண்ணகி வழக்குரை' என்ற கதைப்பாட்டு பாடப்படும். சிலப்பதிகாரத்தை வாசித்துவிட்டுப் போகிறவருக்கு இதில் பல இடங்கள் திகைப்பாக இருக்கும். இதில் கண்ணகி மாங்கனியிலிருந்து தோன்றுகிறாள். வெட்டுண்ட கோவலனை உயிர்ப்பித்துப் பேசவைக்கும் 'உயிர்மீட்புக் காதை' தனியாகவே உண்டு. பாண்டியனுக்கும் அவளுக்கும் உள்ள உறவும் வேறு. ஆனால் இது கிராமத்தார் தவறாக நினைவு வைத்துக்கொண்டது என்று சொல்லிவிடாதீர்கள். சிலம்பின் வாழ்த்துக் காதையில் கண்ணகியே வந்து, 'தென்னவன் தீதிலன்' என்று சொல்லி, 'நான் அவன்தன் மகள்' என்கிறாள். அந்த விதையிலிருந்து முளைத்த செடியாகக்கூட இது இருக்கலாம்.

வழக்குரையின் கடைசிப் பகுதி குளிர்ச்சிக் காதை. மதுரையை எரித்துவிட்டு வருபவளின் வெம்மையை ஆயர்குலப் பெண்கள் தணிக்கிறார்கள். நான் பார்த்த ஊரில் ஒரு பெரியவர் சொன்னார்: "வழக்குரைத்த காதையோட ஏட்ட மூடப்படாது தம்பி. அம்மா சூடா நிப்பா. குளிர்ச்சி பாடித்தான் எழும்பணும்." கதையைப் பாதியில் நிறுத்தினால் கேட்பவருக்குக் குறை என்று நாம் நினைப்போம். அவருக்கோ ஊருக்கே ஆபத்து.

கடைசி நாள் குளிர்த்தி. பெண்கள் மணலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய பாத்திரம் நிறைய நீர், அதில் வேப்பிலை. குளிர்த்திப் பாட்டு எழுந்ததும் பூசை செய்யும் கட்டாடியார் வேப்பிலைக் கொத்தை நீரில் தோய்த்துத் தூக்கி விசிறினார். ஒவ்வொரு அடி முடியும்போதும் ஒரு விசிறல். பாட்டில் குளிர்வது கண்ணகி, நீர் விழுந்தது எங்கள் முகத்தில். என் பக்கத்தில் இருந்த தாய் மடியில் தூங்கிய பிள்ளையின் நெற்றியை நிமிர்த்திப் பிடித்து அந்தத் துளியை வாங்கினாள். வஞ்சிக் காண்டத்தில் கங்கை நீர் கல்லின் மேல் ஊற்றப்படுவதை நான் அதுவரை ஒரு தகவலாகத்தான் வாசித்திருந்தேன்.

அந்தப் பகுதியில் கொம்புமுறி என்று ஒரு விளையாட்டும் இருந்தது. மழை பொய்த்தால், நோய் பரவினால் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, ஒன்று முறியும் வரை இழுப்பார்கள். கணவன் மனைவிப் பிணக்கை ஊரே வடம் பிடித்து இழுத்துத் தீர்த்தது.

உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892இல். இந்தக் கோயில்களில் பாடியவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வேறு விதமாக நடந்தது. சமணச் செட்டிச்சியை வணங்கலாமா என்று ஆறுமுக நாவலர் கண்டித்தார். அங்கே பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. பெயர் போனால் கதையும் மெல்லப் போய்விடுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கிழக்கில் பெயர் தங்கியதற்கு வழக்குரை ஏடு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆண்டுதோறும் அதைப் பாடியே ஆக வேண்டியிருந்தது.

நீங்கள் வஞ்சிக் காண்டத்தை மறுபடி எடுக்கும்போது வாழ்த்துக் காதையிலிருந்து தொடங்குங்கள். அதை வாய்விட்டுப் படியுங்கள். அம்மானை, ஊசல், வள்ளைப் பாட்டு என்று அது பெண்கள் பாடும் பாட்டாகவே இருக்கிறது.

அன்புடன்.