சுவர் வெடித்த வாடகை வீட்டை இடையில் விடலாமா?

கேள்வி: கல்லடியில் 2 வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருக்கிறோம். இன்னும் 11 மாதம் கிடக்கிறது. மாரி மழைக்குப் பிறகு சுவர்களில் வெடிப்பு. பிள்ளைகளோடு இருக்கப் பயமாக இருக்கிறது. வீட்டுக்காரர் "பூசிவிட்டால் சரி" என்கிறார். வெளியேறினால் முற்பணம் கிடைக்குமா? 3 படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் மூன்றாவது படம். கொங்கிரீட் தட்டுக்குக் கீழே உள்ள பீமில் நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறது, அதன் ஓரத்தில் கபில நிறக் கறை வடிந்திருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் இது வழமை. துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்து கொங்கிரீட்டை வெளியே தள்ளும். ஒருநாள் கட்டியாகக் கழன்று விழும். பூசினால் கறை மறையும், துரு நிற்காது. இன்றிரவே பிள்ளைகளின் படுக்கையை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள்.

முதல் படத்தில் இருப்பது பூச்சு காய்ந்த மயிரிழை வெடிப்பு; அதை விடுங்கள். இரண்டாவது படத்தில் யன்னல் மூலையிலிருந்து கல் வரிசையோடு படிபடியாக ஏறும் வெடிப்பு, அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதால் வந்திருக்கலாம். அது இன்னும் வளர்கிறதா என்று படத்தில் தெரியாது. வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து, வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். கோட்டைத் தாண்டினால், அல்லது கதவு நிலையில் இறுகத் தொடங்கினால், சுவர் அசைகிறது.

அடுத்தது ஒப்பந்தம். வீட்டை இருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது இலங்கைச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. அதற்காகச் சொல்லாமல் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனால், நீங்கள்தான் ஒப்பந்தத்தை முறித்தீர்கள் என்று அவர் முற்பணத்தைப் பிடித்துக்கொள்வார். தொலைபேசியில் சொன்னது போதாது. ஒரு கட்டடப் பொறியியலாளரைக் கொண்டு பார்த்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். காசு செலவாகும், ஆனால் பிறகு உங்கள் கையில் இருக்கும் பலமான சாட்சி அதுதான். அறிக்கையின் பிரதியையும் படங்களையும் வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"பீமிலும் யன்னல் சுவரிலும் உள்ள வெடிப்புகளால் வீடு குடியிருக்கப் பாதுகாப்பில்லை எனப் பொறியியலாளர் அறிக்கை கூறுகிறது. 14 நாட்களுக்குள் திருத்த வேலை தொடங்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்து வீட்டை ஒப்படைப்பேன். மிகுதி முற்பணத்தைத் திருப்பித் தரவும்."

பீம் உடனே ஆபத்து என்று அறிக்கை சொன்னால் 14 நாள் காத்திருக்க வேண்டாம். வெளியேறுங்கள், காரணத்தை அன்றே எழுதி அனுப்புங்கள். கடிதம் போகுமுன் ஒப்பந்தத்தின் அறிவித்தல் பிரிவை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அதுவரை வாடகையை நிறுத்தாதீர்கள், அது அவருக்குக் கிடைக்கும் சாட்டு. திறப்பு கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, நிலைமையை எழுதி ஒப்பமிடுங்கள். அப்புறமும் முற்பணம் தர மறுத்தால், நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபையில் முறையிடலாம்.