80 ஜி.பி. ஒதுக்கிய 64 ஜி.பி. சர்வர்: வாசகர் கேள்விகள்

எங்கள் கல்லூரி ஆய்வக சர்வரில் இருப்பது 64 ஜி.பி. மெமரிதான். ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் புராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் ஆறு மெஷின்களுக்கு 80 ஜி.பி. ஒதுக்கியிருக்கிறோம். இது எப்படி ஓடுகிறது? – நாகர்கோவில் வாசகர்

நீங்கள் எழுதிய எண் உச்சவரம்பு மட்டுமே. மெமரியின் சிறு துண்டான ஒரு பக்கத்தை மெஷின் முதன்முறை தொடும்போதுதான், மெஷின்களைத் தாங்கும் சர்வரான ஹோஸ்ட் உண்மையான மெமரியைக் கொடுக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்று நம்பி அதிகமாக ஒதுக்குவதே ஓவர்கமிட்.

ஆனால் கொடுத்தது எல்லாம் தானாகத் திரும்பி வந்துவிடாது. உள்ளே ஓடும் லினக்ஸ், மீதமுள்ள இடத்தைக் கோப்புகளின் கேஷால் மெல்ல நிரப்பிக்கொள்ளும். உள்ளிருந்து பார்த்தால் தாராளமாக இடம் இருக்கும். ஹோஸ்டுக்கோ அத்தனையும் செலவுக் கணக்கு. முதல் மாதம் ஒழுங்காக ஓடிய சர்வர் பிறகு திணறுவது இதனால்தான்.

பலூன் வசதி இயக்கத்தில் இருந்தும் மெமரி குறையவில்லையே? – மார்த்தாண்டம் வாசகர்

பலூன் என்பது மெஷினுக்குள் இருக்கும் டிரைவர். அது தன் இயங்குதளத்திடம் பக்கங்களைக் கேட்டு வாங்கி, பயன்படுத்தாமல் பிடித்துவைத்துக்கொண்டு, அவற்றை ஹோஸ்டிடம் ஒப்படைத்துவிடும். கேஷ் முதலில் கரையும். விண்டோஸில் அந்த டிரைவரை நாம்தான் நிறுவ வேண்டும். இல்லையென்றால் பலூன் வெறும் பெயரளவில்தான் இருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். குறைந்தபட்ச மெமரியும் அதிகபட்சமும் ஒரே எண்ணாக இருந்தால் சுருங்க இடமில்லை. ஹோஸ்டின் மெமரி பயன்பாடு ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டும்வரை புராக்ஸ்மாக்ஸ் பலூனை ஊதவும் செய்யாது.

நாகர்கோவில் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தரவுத்தள மெஷினுக்கு 24 ஜி.பி.யை அப்படியே நிலையாக வைக்கலாம். அதனிடமிருந்து பிடுங்கினால் அது மெமரியில் இருப்பதை வட்டுக்கு மாற்றி, உள்ளேயே ஸ்வாப் செய்து நொண்டும். விண்டோஸ் மெஷினுக்கு அதிகபட்சம் 24, குறைந்தபட்சம் 16. நான்கு பயிற்சி மெஷின்களுக்குத் தலா அதிகபட்சம் 8, குறைந்தபட்சம் 4. எல்லாம் சுருங்கினால் 56 ஜி.பி. மீதி 8 ஜி.பி. ஹோஸ்டுக்கு. குறைந்தபட்சங்களின் கூட்டுத்தொகையே 64-ஐத் தாண்டினால் எந்தப் பலூனாலும் காப்பாற்ற முடியாது.

இரவில் பெரிய மெஷின் மட்டும் தானாக அணைந்துவிடுகிறது. மின்தடை இல்லை. – குளச்சல் வாசகர்

ஹோஸ்டில் மெமரி தீர்ந்து, கர்னல் அதைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். அதிக மெமரி பிடித்திருக்கும் செயல்முறையைத்தான் அது பொதுவாகத் தேர்ந்தெடுக்கும். அதனால் முக்கியமான மெஷினே பலியாகிறது. ஹோஸ்டில் இவற்றை இயக்குங்கள்:

```
journalctl -k | grep -i "out of memory"
vmstat 1
cat /proc/pressure/memory
```

முதல் கட்டளையில் `Killed process` என்ற வரியில் `(kvm)` இருந்தால் ஐயமே வேண்டாம். அதற்கு முன்பே அறிகுறிகள் தெரியும். `vmstat`-இல் `si`, `so` இரண்டும் விடாமல் பூஜ்யத்துக்கு மேல் நின்றால் ஹோஸ்ட் ஸ்வாப்பில் தத்தளிக்கிறது. ஸ்வாப்பில் கொஞ்சம் பழைய தரவு கிடப்பது மட்டும் ஆபத்தல்ல. மூன்றாவதில் `full` வரியின் `avg10` உயர்ந்துகொண்டே போனால் மெமரிக்காக எல்லா வேலைகளும் காத்து நிற்கின்றன. மெஷினுக்குள் இருப்பவருக்கோ வட்டு மெதுவாக இருப்பதாக மட்டுமே தோன்றும்.

பலூன் ஊத நேரம் பிடிக்கும். திடீர்த் தேவைக்கு உதவாது. எனவே இரவு பேக்கப் நேரங்களைப் பிரித்துவையுங்கள், பயிற்சி மெஷின்களின் அதிகபட்சத்தை முதலில் குறையுங்கள்.