பொருளடக்கத்தை மட்டும் படிக்கிறவர்

ஐயா, வணக்கம்.

எனக்கு 66 வயது. ஊர் கல்லிடைக்குறிச்சி. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாமிரபரணி அணைக்கட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்திருக்கிறேன். பதிப்பாளர் படித்துவிட்டு, "உள்ளே சரக்கு இருக்கிறது, ஆனால் பொருளடக்கத்தைப் பார்த்தால் அது தெரியவில்லை. தலைப்புகளும் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன, மாற்றிக் கொடுங்கள்" என்கிறார். தலைப்புகள் இவை: பொதிகையில் பிறந்தாள், அணைக்கட்டுகள், யார் கட்டியது?, காரும் பிசானமும், தண்ணீர் பங்கிடுவது, மடையில் நின்றவர்கள், மறக்க முடியாத நாட்கள், மணல் போச்சு, முடிவாக. ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து வைத்தேன். எல்லாவற்றையும் ஆபீஸ் ஃபைல் மாதிரி ஆக்கிவிட வேண்டுமா? பிரதியை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள அண்ணாச்சி,

பிரதியை இரண்டு நாளில் படித்து முடித்தேன். பதிப்பாளர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஆபீஸ் ஃபைல் ஆக்க வேண்டாம். உங்கள் ஒன்பது தலைப்புகளில் ஒன்று அப்படியே நிற்கலாம், இன்னொன்று ஒரு சொல் மாற்றத்தோடு நிற்கலாம்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஒவ்வொரு தலைப்புக்குப் பின்னாலும் 'பற்றி' என்று சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'அணைக்கட்டுகள் பற்றி', 'மடையில் நின்றவர்கள் பற்றி': சரி. 'பொதிகையில் பிறந்தாள் பற்றி', 'மணல் போச்சு பற்றி', 'முடிவாக பற்றி': நாக்கு தட்டுகிறது. ஒன்பதில் பாதி பெயர்ச்சொல். மீதியில் வினைமுற்று இருக்கிறது, கேள்வி இருக்கிறது, வெறும் 'ஆக'வும் இருக்கிறது. பதிப்பாளருக்கு ஆளுக்கொரு திசையாகப் பட்டது இதனால்தான். எல்லாமே வினைமுற்றாக இருந்திருந்தால் அது ஒரு பாணி. எல்லாமே கேள்வியாக இருந்தாலும் ஒரு பாணிதான். நடுவில் ஒன்று மட்டும் கேள்வியாக நின்றால், அந்த அத்தியாயம் மற்றவற்றைவிட வேறு வகை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். உங்களுடையது வேறு வகை இல்லை.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. 'தண்ணீர் பங்கிடுவது பற்றி' ஒழுங்காகத்தான் ஒலிக்கிறது. ஆனாலும் 'அணைக்கட்டுகள்' பக்கத்தில் அது ஒட்டவில்லை. 'தண்ணீர்ப் பங்கீடு' என்று ஆக்கிவிட்டால் ஒட்டிவிடும்.

அடுத்த சோதனை கொஞ்சம் கடுமை. புத்தகத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் பொருளடக்கத்தை மட்டும் நீட்டி ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் நேற்று பாளையங்கோட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "1992 வெள்ளம் எந்த அத்தியாயத்தில் இருக்கும்?" அவர் விரல் 'பொதிகையில் பிறந்தாள்' மேல் கொஞ்சம் நின்றது, அப்புறம் 'மணல் போச்சு'க்கு நகர்ந்தது. இருப்பதோ 'மறக்க முடியாத நாட்கள்' என்பதில். "பாளையங்கால்வாய் எங்கே வரும்?" என்றேன். "எங்கேயும் வராது போலிருக்கே" என்றார். அதைப் பற்றி நீங்கள் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்!

அந்தப் பதினோரு பக்கம் ஒளிந்துகிடக்கும் இடம் இரண்டாவது அத்தியாயம். என் கருத்தில் உங்கள் பொருளடக்கத்தின் முழுச் சிக்கலும் அங்கேதான். 'அணைக்கட்டுகள்' என்ற ஒரே தலைப்பின் கீழே எட்டு அணைக்கட்டும், அவற்றின் கால்வாய்களும், குளங்களும் 78 பக்கத்துக்கு ஓடுகின்றன. மற்ற அத்தியாயங்கள் பத்துப் பன்னிரண்டு பக்கம். தலைப்பு ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது என்று யோசித்தேன். இவ்வளவையும் தாங்குகிற தலைப்பு எதுவும் கிடைக்காது, அதனால்தான். நல்ல தலைப்பு வைக்கவே முடியாத அத்தியாயம் பெரும்பாலும் ஒரே அத்தியாயமாக இருக்காது. இதை எட்டாகப் பிரியுங்கள், புத்தகத்தின் பெயரே 'தாமிரபரணி அணைக்கட்டுகள்' தானே. எட்டையும் சேர்த்து ஒரு பகுதி ஆக்கி, மலையிலிருந்து கடல் பக்கம் போகிற வரிசையிலேயே வைத்துவிடலாம்.

இப்போது அந்த எட்டுக்கும் தலைப்பு. அணைக்கட்டின் பெயரை மட்டும் வைத்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது. உங்கள் துறைக்காரர்கள் அணைக்கட்டின் பெயரைச் சொல்வார்கள், விவசாயி கால்வாயின் பெயரைச் சொல்வார். பல இடங்களில் இரண்டும் வேறு வேறு. பாளையங்கோட்டையில் யாரிடமும் பாளையங்கால்வாய் என்றால் கை நீட்டிக் காட்டுவார்கள். பழவூர் அணைக்கட்டு என்றால் ஆட்டோக்காரர்கூடத் தலையைச் சொறிவார். கோடகன் கால்வாயில் பாயும் வயல்காரர் அரியநாயகிபுரத்தைத் தேடமாட்டார், கோடகனைத்தான் தேடுவார். ஆகவே இரண்டு பெயரும் தலைப்பில் வர வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தேன்:

கோடைமேலழகியான் அணைக்கட்டும் வடகால், தென்காலும்
நதியுண்ணி அணைக்கட்டும் கால்வாயும்
கன்னடியன் அணைக்கட்டும் கால்வாயும்
அரியநாயகிபுரம் அணைக்கட்டும் கோடகன் கால்வாயும்
பழவூர் அணைக்கட்டும் பாளையங்கால்வாயும்
சுத்தமல்லி அணைக்கட்டும் திருநெல்வேலிக் கால்வாயும்
மருதூர் அணைக்கட்டும் மேலக்கால், கீழக்காலும்
ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் வடகால், தென்காலும்

'கன்னடியன் அணைக்கட்டும் கன்னடியன் கால்வாயும்' என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? ஒரே வார்ப்பு வேண்டும் என்பதற்காக ஒரே பெயரை இருமுறை சொன்னால் படிக்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். 'அணைக்கட்டும் ... -உம்' என்ற சட்டம் எட்டிலும் இருக்கிறது. பெயர் வேறானபோது மட்டும் இரண்டாவது பெயர் வருகிறது. அதனால் ஒரு லாபமும் உண்டு. எங்கே அணைக்கட்டின் பெயரும் கால்வாயின் பெயரும் ஒன்று, எங்கே வேறு என்பது பொருளடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் பாருங்கள். 'அணைக்கட்டு' என்ற சொல் எட்டு முறை வந்தும் சலிக்கவில்லை. தமிழில் வேறுபடுத்தும் சொல் முன்னால் வந்துவிடுகிறது, பொதுச் சொல் பின்னால் போய்விடுகிறது. கண் இடது ஓரமாக இறங்கும்போது கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று புதுப்பெயராகவே சந்திக்கிறது. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை, நாடுகாண் காதை, கொலைக்களக் காதை, வழக்குரை காதை என்று அடுக்கியிருப்பது இப்படித்தான். அங்கேயும் கானல் வரி, ஆய்ச்சியர் குரவை என்று சில இடங்களில் 'காதை' விலகுகிறது. பாட்டும் கூத்தும் வேறு வகை என்பதால் பெயரும் வேறு. பொருள் மாறுகிற இடத்தில் வடிவம் மாறினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் முன்னால் வரும் சொல்லே எல்லாவற்றிலும் ஒன்றாகிவிட்டால் இந்த வசதி போய்விடும். நீங்கள் உள்தலைப்புகளில் அதைச் செய்திருக்கிறீர்கள்: 'தாமிரபரணியின் தோற்றம்', 'தாமிரபரணியின் துணையாறுகள்', 'தாமிரபரணியின் முகத்துவாரம்'. அட்டையிலேயே தாமிரபரணி இருக்கிறாளே. தோற்றம், துணையாறுகள், முகத்துவாரம் போதும்.

மற்ற தலைப்புகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'பொதிகையில் பிறந்தாள்' என்பதை 'பொதிகை முதல் புன்னைக்காயல் வரை' ஆக்கலாம். ஆறு எங்கே தொடங்கிக் கடலில் எங்கே சேர்கிறது என்ற தகவல் அதில் இருக்கிறது, ஓசையும் கெடவில்லை. 'யார் கட்டியது?' என்ற அத்தியாயத்தில் இரண்டு சரடு இருக்கிறது. ஒன்று கன்னடியன் கால்வாயை வெட்டியவர் பற்றி உங்கள் ஊரில் சொல்லும் கதை மாதிரியானவை. மற்றது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை என்ற வரலாறு. 'அணைக்கட்டுக் கதைகளும் ஆவணங்களும்' என்றால் இரண்டும் வந்துவிடும். எட்டு அணைக்கட்டையும் படித்த பிறகு வருவதுதான் அதற்கு நல்ல இடம்.

நம் பக்கத்து இரண்டு நெல் பருவங்களைச் சொல்லும் 'காரும் பிசானமும்' நிற்கட்டும். தஞ்சாவூர்க்காரருக்குக் குறுவை, சம்பா தெரியும், பிசானம் தெரியாமல் போகலாம் என்று பதிப்பாளர் சொல்லக்கூடும். முதல் பத்தியில் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள், தலைப்பில் விளக்கம் வேண்டாம். அடைப்புக்குறியும் முக்காற்புள்ளியும் ஒரு தலைப்பில் நுழைந்தால் மற்ற தலைப்புகளும் அதையே கேட்கும். 'மடையில் நின்றவர்கள்' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அத்தியாயம் முழுக்க நீர்பாய்ச்சிகளைப் பற்றியது, அந்தச் சொல் தலைப்பில் இல்லாதது நஷ்டம். 'மடையில் நின்ற நீர்பாய்ச்சிகள்' என்று வைத்தால் உங்கள் அழகும் இருக்கும், தகவலும் இருக்கும். இதைத்தான் நிற்கக்கூடிய இரண்டாவது தலைப்பு என்றேன். 'மறக்க முடியாத நாட்கள்' கட்டாயம் போக வேண்டும். கல்யாண ஆல்பத்துக்கும் அதே பெயர் வைக்கலாம். '1992, 2023 வெள்ளங்கள்' என்று ஆண்டோடு சொல்லுங்கள். இங்கே ஆண்டைவிட நல்ல சொல் கிடையாது.

'மணல் போச்சு' என்பதை இழக்க எனக்கும் மனசில்லை. 'ஆற்று மணல் கொள்ளை' என்று தலைப்பு வைத்துவிட்டு, அத்தியாயத்தின் முதல் வரியாக "மணல் போச்சு" என்று தொடங்குங்கள். தலைப்பில் இருந்ததைவிட அங்கே அது கனமாக விழும். 'முடிவாக' என்பதில் நீங்கள் முடிக்கவே இல்லை, குளங்களைத் தூர்வாரப் பத்துப் பக்கத்துக்கு யோசனை சொல்கிறீர்கள். 'குளங்களைத் தூர்வார ஒரு திட்டம்' என்றால் மாவட்ட அலுவலகத்தில் யாராவது அந்தப் பக்கத்தைத் தேடிப் பிரிப்பார்கள்.

கடைசியாக, மாற்றும்போது வரும் விபத்துகள். என் முதல் புத்தகத்தில் கடைசிப் புரூஃபில் ஒரு தலைப்பை மாற்றினேன். உள்ளே மாறியது, பொருளடக்கத்தில் பழையதே அச்சாகிவிட்டது. இல்லாத அத்தியாயத்தைத் தேடி ஒருவர் போன் செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நீங்கள் Word-இல் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். ஆனால் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்கி, பொருளடக்கத்தைக் கையால் அடித்திருக்கிறீர்கள். பகுதிப் பெயருக்கு Heading 1, அத்தியாயத்துக்கு Heading 2 என்று கொடுத்துவிட்டு References மெனுவில் Table of Contents போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் Update Table அழுத்தினால் அது இரண்டு வழி கேட்கும். Update page numbers only என்பதைத் தொட்டால் பக்க எண் மட்டும் மாறும், பழைய தலைப்பு அப்படியே நிற்கும். Update entire table என்பதையே தேர்ந்தெடுங்கள்.

கணினி கண்டுபிடிக்காத இடங்களும் உண்டு. 'யார் கட்டியது?' அத்தியாயம் "இந்தக் கேள்வியை என் தாத்தாவிடம் கேட்டேன்" என்று தொடங்குகிறது. தலைப்பு மாறினால் கேள்வி எங்கே? கேள்வியை அந்த வரிக்குள்ளேயே எழுதிவிடுங்கள். '2ஆம் அத்தியாயத்தில் பார்த்தபடி' என்று ஏழு இடத்தில் வருகிறது, எட்டாகப் பிரித்த பிறகு அந்த ஏழும் தப்பு. எண்ணை எடுத்துவிட்டு 'கன்னடியன் அத்தியாயத்தில்' என்று பெயராலேயே சொல்லுங்கள். பக்க மேல்வரியிலும் பழைய தலைப்புகள் இருக்கின்றன. 'கோடைமேலழகியான் அணைக்கட்டும் வடகால், தென்காலும்' அந்த வரியில் அடங்காது, அங்கே 'கோடைமேலழகியான்' மட்டும் போதும். அப்படிச் சுருக்கினால் எட்டையும் அணைக்கட்டுப் பெயராகவே சுருக்குங்கள். ஒன்றில் சுத்தமல்லி, இன்னொன்றில் கோடகன் என்று கலக்க வேண்டாம்.

திருத்திய பொருளடக்கத்தை அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுபடி காட்டுகிறேன்.